ஓரகத்தி மூடிப் படித்த ஸ்லைடு

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு என்ன, நாற்பது சொல்லலாம். அதுதான் எரிச்சலே. என் கணவரின் தம்பி மனைவி அவள். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பொது வார்டில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அவள் வந்து நாலே வருஷம்தான் ஆகிறது. அதற்குள் நோயாளிகள் எல்லாம், "அந்தச் சின்ன சிஸ்டர் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊசியோடு எதிரே நிற்பது நான், கேட்பது அவளை!

வீட்டிலும் இதே கதைதான். என் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, கதவுக்கு எண்ணெய் போடுவது வரை எல்லாம் அவள்தான். "சின்னவ கை பட்டாலே சரியாயிடுது" என்பார் மாமியார், என் காதுபடவே. நான் என்ன, கையில் விஷத்தையா வைத்திருக்கிறேன்?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு நர்ஸ்கள் வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்கள். ஆறு வாரம் வகுப்பு, கடைசியில் பரீட்சை. பத்து மருந்தளவுக் கணக்கு, பத்தும் சரியாக இருக்க வேண்டும். ஒன்பது சரி, ஒன்று தப்பு என்றால் அந்த ஒன்றும் ஒரு நோயாளியின் உயிர்தானே. ஏழு பேர் பெயர் கொடுத்தோம். நான் கொடுத்த மறுநாள் சின்னவளும் கொடுத்தாள். அவள் தேறி நான் தேறாவிட்டால், வீட்டில் நான் பெரியவள், ஆஸ்பத்திரியில் அவள் பெரியவள். அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைப்பது?

பாடம் எடுத்தது, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்தவர், பயிற்சி சிஸ்டர். சுவரில் ஸ்லைடு போடுவார், முடிந்ததும் அதையே அச்சடித்துக் கையில் கொடுப்பார். ஒவ்வொரு ஸ்லைடிலும் மேலே ஒரு கணக்கு, கீழே படிப்படியாக விடை. நான் ஒவ்வொன்றையும் நோட்டில் மூன்று நிற மையில் எழுதினேன். தலைப்பு சிவப்பு, படிகள் நீலம், விடை பச்சை. ஒரு சாயங்காலத்தில் பத்து ஸ்லைடு முடித்துவிடுவேன். படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுவேன். ஆமாம், சரி, இதைப் பெருக்கணும், அதை வகுக்கணும், புரிந்துவிட்டது.

சின்னவள் ஒரே ஸ்லைடோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாள். மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த ஓர் அட்டையைக் கணக்குக்குக் கீழே வைத்து விடை முழுவதையும் மூடிவிடுவாள். முதல் படி என்னவாக இருக்கும், ஏன் அப்படி என்று ஒரு காகிதத்தில் தானே எழுதுவாள். பிறகுதான் அட்டையை ஒரு வரி கீழே இறக்குவாள். தன் படியும் ஸ்லைடின் படியும் ஒன்றாக இருந்தால் அடுத்த வரி. இல்லாவிட்டால் அங்கேயே நின்று, எங்கே சறுக்கினோம் என்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு மேலே போவாள். முதல் வாரம் அந்தக் காகிதம் முழுக்க அடித்தல் திருத்தல்தான். பார்க்கவே சகிக்காது.

"விடையைக் கையில வச்சுக்கிட்டு எதுக்குடி கண்ணாமூச்சி ஆடுற?" என்று சிரித்தேன்.

"படிச்ச காலத்துல மருந்துக் கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலுக்கா" என்றாள் அவள், கூச்சமே இல்லாமல். "பாத்தா எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். பேனாவை எடுத்தா அடுத்த படி வராது. எனக்கு எது வரலன்னு மூடிப் பாத்தாதான் தெரியுது."

இரண்டு தடவை ஃபெயில் என்று கேட்டதும் எனக்கு மனசு எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா? அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். நாலாவது வாரம் அந்த நிம்மதியில் மண் விழுந்தது. பயிற்சி சிஸ்டர் ஸ்லைடைப் பாதியில் நிறுத்தி, "அடுத்த படி என்ன?" என்று கேட்பார். நான் நோட்டைப் புரட்டுவதற்குள் சின்னவள் சொல்லிவிடுவாள், ஏன் என்பதையும் சேர்த்து. மூன்று நிற மை என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது.

பரீட்சை திங்கட்கிழமை காலை. ஞாயிறு சாயங்காலம் நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சின்னவள் கையில் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, கடைசி ஸ்லைடுல ஒரு சந்தேகம். நாலாவது படி எனக்கு வேற மாதிரி வருது. மூணு தடவ போட்டுட்டேன். தப்பு எங்கிட்டயா, ஸ்லைடுலயான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். அறுபது கிலோ நோயாளி, கிலோவுக்கு நிமிஷத்துக்கு ஐந்து மைக்ரோகிராம் மருந்து. இருநூற்றைம்பது மில்லி பையில் இருநூறு மில்லிகிராம் மருந்து கலந்திருக்கிறது. மருந்து ஏற்றும் பம்பை மணிக்கு எத்தனை மில்லியில் வைப்பது? நிமிஷத்துக்கு முந்நூறு மைக்ரோகிராம், மணிக்குப் பதினெட்டாயிரம், அதாவது பதினெட்டு மில்லிகிராம். அதுவரை மூன்று படி. நாலாவது படியில் ஒரு மில்லிக்கு எவ்வளவு மருந்து என்று பார்க்க வேண்டும். ஸ்லைடில் 250-ஐ 200-ஆல் வகுத்து 1.25 என்று இருந்தது. பதினெட்டை அதால் வகுத்தால் விடை 14.4.

"எனக்கு 0.8 வருதுக்கா" என்றாள். "இருநூறு மில்லிகிராமை இருநூத்தம்பது மில்லில கலந்தா, ஒரு மில்லில ஒரு மில்லிகிராம்கூட இருக்காதே. அப்புறம் எப்படி ஒண்ணே கால்? விடை 22.5 வரணும்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளே என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: இவள் என்னைச் சோதிக்க வந்திருக்கிறாள், தனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்ட வந்திருக்கிறாள்.

"ஸ்லைடு போட்டவங்களுக்குத் தெரியாததை நீ கண்டுபிடிச்சிட்டியாக்கும்! ரெண்டு தடவ ஃபெயிலானவ பேசுற பேச்சா இது? போய் வேலையப் பாரு."

அவள் முகம் சுண்டிப்போனது. காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் அன்று அந்தப் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதன் அடியே போயிருக்கும்.

மறுநாள் பரீட்சையில் பத்தாவது கணக்கு அதே மாதிரிதான், எண்கள் மட்டும் வேறு. ஐம்பது கிலோ, கிலோவுக்கு நிமிஷத்துக்கு நாலு மைக்ரோகிராம், இருநூற்றைம்பது மில்லியில் நூறு மில்லிகிராம். மணிக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் வரை வந்தேன். பிறகு பெரியதைச் சின்னதால் வகுத்து 2.5, அதால் பன்னிரண்டை வகுத்து 4.8. பச்சை மையில் எழுதாத குறைதான். மேற்பார்வைக்கு வேறு யாரோ வந்திருந்தார்கள், பயிற்சி சிஸ்டர் அன்று லீவு.

புதன்கிழமை பயிற்சி சிஸ்டர் எங்கள் ஏழு பேரையும் வகுப்பறைக்குக் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பத்தாவது கணக்குக்கு விடை முப்பது. அஞ்சு பேர் 4.8 எழுதியிருக்கீங்க. நோயாளிக்குப் போக வேண்டிய மருந்துல ஆறுல ஒரு பங்குகூடப் போயிருக்காது. ஏன் இப்படின்னு பாத்தா, தப்பு என் ஸ்லைடுல. நாலாவது படியைத் தலைகீழாப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. இன்னொருத்தர் வேற கணக்குலயே கோட்டை விட்டுட்டாங்க. பத்தும் சரியா எழுதினது சின்ன சிஸ்டர் மட்டும்தான். மிச்சம் ஒரு இடம். அதுக்கு இந்த அஞ்சு பேருக்கும் மறுபரீட்சை."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் அவர் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"ஸ்லைடு தப்புன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிஸ்டர். அடுத்த படியை நானே எழுதிப் பாத்தப்போ ஒத்துவரல."

"யார்கிட்ட சொன்ன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

பயிற்சி சிஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்குத் தெரிஞ்சா போதும், மத்தவங்க எக்கேடு கெட்டா என்னன்னு இருந்துட்டியா? தப்பைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கறவ அந்தப் பிரிவுக்கு வேண்டாம்." பேனாவைத் திறந்து, பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்தில் வைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு இனித்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவள் பெயர் போய்விடும், எனக்கு மறுபரீட்சையும் கிடைக்கும். இரண்டு மாசத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நாலு வருஷமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் தட்டில் வைத்து வந்திருக்கிறது.

ஆனால் என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் இவளுக்கு! என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்று, அங்கேயும் என்னைவிட உசத்தியாகிவிட்டாள். இவள் விட்டுக்கொடுத்த இடத்தில் நான் உட்கார்ந்து, காலம் முழுக்க இவள் முகத்தில் விழிப்பதா? அது என்னால் முடியாது. நல்ல குணம் பொங்கி நான் எழுந்திருக்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் எழுந்தேன்.

"அவ பொய் சொல்றா சிஸ்டர்" என்றேன். "எங்கிட்ட சொன்னா. விடை 22.5 வரணும்னு காரணத்தோட சொன்னா. நான்தான் காகிதத்தைக்கூட வாங்கிப் பாக்காம விரட்டிட்டேன்."

பயிற்சி சிஸ்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைப் பட்டியலில் கீழே இறக்கி, என் பெயரை அடித்தார்.

"தப்புன்னு ஒருத்தி வந்து சொல்லும்போது காது குடுக்காதவங்களுக்கு மறுபரீட்சை கிடையாது. அடுத்த பேட்ச் மூணு மாசம் கழிச்சு. அதுல வாங்க."

வெளியே மாடிப்படியில் சின்னவளை மடக்கினேன். "எவடி உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? என்னைக் காப்பாத்த நீ யாரு?"

"எல்லார் முன்னாடியும் உங்களை எப்படிக்கா..." என்று இழுத்தாள். கண் கலங்கியிருந்தது. அழும்போதும் அழகாக இருக்கிறாள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேல்மாடியில் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பழைய வார்டிலேயே ஊசியோடு நின்றேன். ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம், திருத்தின ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"உக்காரு" என்றேன். "நான் கேக்காம நீ வாயத் திறக்கக் கூடாது. விடையை மூடு."

கையாலேயே மூடினாள். முதல் படி சரி. இரண்டாவது படி எழுதினேன், விரலை நகர்த்தினாள், தப்பு. நிமிஷத்தை மணியாக்க அறுபதால் பெருக்குவதை விட்டிருந்தேன். பதினாலு வருஷ நர்ஸ்! அவள் சிரிப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் சொன்னபடி வாயையும் திறக்கவில்லை. எதனால் தப்பு என்று நானே எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, விரலை அடுத்த வரிக்கு மேல் வைத்தாள்.

எனக்கு இன்னும் அவள்மேல் பொறாமைதான். அன்றைக்கு மட்டும் ஏழு இடத்தில் தப்பு செய்தேன், ஏழையும் அவள் பார்த்தாள். மறுநாளும் போனேன்.