அந்த இடம் இன்னும் காலியா?

கடைசி நேர்காணலில் பெரிய மருத்துவமனைக்காரர்கள் சீருடை அளவுவரை கேட்டுத்தான் அனுப்பினார்கள். அதற்கப்புறம் நாலு மாதம் கிணற்றில் போட்ட கல். வலியப் போய்க் கேட்க லேப் டெக்னீஷியனான அவளுக்கு ரோஷம் விடவில்லை. இப்போது வேலை பார்க்கும் லேபின் சூப்பர்வைசர்தான் தினமும், "இன்னும் பதில் வரலையாம்மா?" என்று உருகுவார். நற்சான்றுக்கு அவர் பெயரைத்தான் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் போன் போட்டுக் கேட்டேவிட்டாள்.

"இடம் காலியாத்தான் இருக்கு," என்றார் அங்கிருந்த அதிகாரி. "உங்க சூப்பர்வைசருக்கு மூணு தடவை நற்சான்றுப் படிவம் அனுப்பிட்டோம். அவர் நிரப்பித் தரலை. அது வராம ஆர்டர் போட முடியாதும்மா."

போனை வைக்கவும் சூப்பர்வைசர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"பதில் ஏதும் வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சு சார். உங்க பதிலுக்குத்தான் காத்திருக்காங்களாம்."