சுவருக்கு அப்பால் பார்த்தவன்

ஆலங்குடிக் கல்யாண மண்டபத்தில், பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேடையிலிருந்து என்னைத் திருடன் என்றார்கள். அதுவும் மைக்கில்.

நான் பத்தாவதோடு நின்றவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆனால் முழுநேர வேலை கவலைப்படுவதுதான், ரிப்பேர் பகுதிநேரம். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை.

அன்று நடந்தது கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கிச் சண்டைப் போட்டி. அணிக்கு ஐந்து பேர். நடத்தியவர் ஆயுசு முழுக்கக் கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்தியவர். இந்த ஆட்டத்தில் மவுஸ் எதற்கு என்றுகூடத் தெரியாது. தெரியாதவருக்கு உரிய தைரியம் மட்டும் நிறைய இருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அதில் ‘தலைமை நடுவர்’ என்று அவரே அச்சடித்துக்கொண்டது.

கால் இறுதியில் புதுக்கோட்டைக் கல்லூரிப் பையன்கள் அணியை நாங்கள் அடித்துவிட்டோம். தோற்ற சூட்டோடு அவர்கள் கேப்டன் மேடைக்கு ஓடினான்.

“அண்ணே, இவரு வால்ஹேக் போட்டிருக்காருண்ணே. செவுத்துக்கு அங்கிட்டு நிக்கிறவன் இவருக்குத் தெரியுது. நான் ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சு நிக்கிறேன், கரெக்டாத் திரும்பிச் சுடுறாரு. எப்புடி?”

எனக்குக் கை நடுங்கியது. நடுங்குவது எனக்கு வழக்கம். ஆனால் தப்புச் செய்தவனும் அப்படித்தான் நடுங்குவான் என்பது மண்டபத்துக்கே தெரியும். என் அணிக்காரன், தினமும் என் கடையில் ஓசிச் சார்ஜ் போடுகிறவன், நாற்காலியை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினான். “மாப்ள, எதாச்சும் போட்டிருந்தா இப்பவே சொல்லிரு” என்று காதில் வேறு ஓதினான்.

போட்டியை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். என் பயம் வேறு. ரிப்பேருக்குக் கொடுக்கிற போனில் அவனவன் வீட்டுப் படம், பேங்க், எல்லாம் இருக்கும். ‘ஹேக் போடுறவன்’ என்று ஊருக்குள் பேர் வந்துவிட்டால் எவன் என்னிடம் போனைக் கொடுப்பான்? கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

“ரீப்ளே போடுய்யா” என்றார் தலைமை நடுவர்.

ரீப்ளே போடுவதற்கென்று மேடை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் நடக்கும்போது யாரைத் திரையில் காட்டுவது என்று கேமராவைத் தாவவிடுவது அவர் வேலை. பாக்கு மென்றுகொண்டே அந்த ஒரே இடத்தை எடுத்துப் போட்டார். பெரிய திரையில் என் துப்பாக்கி முனை. சுவருக்குப் பின்னால் அந்தக் கேப்டன், ஆளைச் சுற்றி வரைந்த சிவப்புக் கோடாகத் தெரிகிறான். நான் வெடுக்கென்று திரும்புகிறேன். சுடுகிறேன். விழுகிறான்.

“பாத்தியளா!” என்று வர்ணனையாளன் கத்தினான். அவனுக்கு எது நடந்தாலும் கத்த வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். “மனுசன் இப்படித் திரும்புவானா? ஆளு அங்க இருக்கிறது அப்பட்டமாத் தெரியுதுல்ல!”

“தெரியுது, தெரியுது” என்றார் தலைமை நடுவர். மூன்று தடவை ஸ்லோவில் போடச் சொல்லி, ரன் அவுட் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

முட்டாள்கள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். கிரிக்கெட் ரீப்ளே கேமரா எடுத்த படம். இது படமே கிடையாது. ஆடும்போது பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், எப்போது சுட்டார்கள் என்று சர்வர் நொடிக்குப் பல தடவை குறித்துக்கொண்டே போகும். பிறகு திறந்தால், அந்தக் குறிப்பை வைத்து ஆட்டத்தையே மறுபடி வரைந்து காட்டும். அதனால்தான் கூரையில் நின்றும் பார்க்கலாம், செத்தவன் கண்ணாலும் பார்க்கலாம். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று சுவருக்குப் பின்னால் நிற்பவனைச் சிவப்புக் கோடாக வேறு காட்டும். அந்தக் கோடு ஆடுகிறவன் திரையில் வராது. ஒரு குறிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கை எப்படிப் போனது என்பது அதற்குத் தெரியாது, தானாக நிரப்பிக்கொள்ளும். நான் வெடுக்கென்று திரும்பியதாகத் தெரிந்ததில் பாதி அந்த இட்டுநிரப்பல்.

இதையெல்லாம் அங்கே இப்படிக் கோர்வையாகவா சொன்னேன்? “அண்ணே, அந்தச் சேப்புக் கோட்டை எடுக்கச் சொல்லுங்கண்ணே” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பாக்குக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். கோடு போனது. வெறும் சுவர்.

“இப்பவும் திரும்பத்தானே செய்யிறாரு?” என்றான் கேப்டன். “ஆளு தெரியலன்னா எதுக்குத் திரும்புனாரு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஊர் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை.

“மொதல்லருந்து போடுங்கண்ணே” என்றேன். “முழு ஆட்டமும். என் கண்ணு வழியா. கோடு இல்லாம.”

போட்டார்கள். முதல் சுற்றில் ஒரு கதவைத் தாண்டினேன். உடனே திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. படி ஏறினேன், திரும்பினேன். ஒருத்தரும் இல்லை. எதிரணியில் நாலு பேர் செத்து, மிச்சமிருந்த ஒருத்தன் கண்ணெதிரே குண்டு வைத்துக்கொண்டிருந்தபோதும் திரும்பிக் காலி மூலையைப் பார்த்தேன். பாக்குக்காரர் வேகத்தைக் கூட்டினார். பெரிய திரையில் நான் கோழி மாதிரி வெடுக் வெடுக்கென்று திரும்பிக்கொண்டே ஓடினேன்.

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது.

“மேலருந்து காட்டுய்யா!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கேமரா கூரைக்குப் போனது. மேலிருந்து பார்த்தால் இன்னும் கேவலம். மற்ற நாலு பேரும் நேராகப் போகிறார்கள், நான் மட்டும் வாசலுக்கு வாசல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறேன். எந்த வாசலிலும் என் பின்னால் யாருமில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் மட்டும், அந்த ஒரு தடவை மட்டும், இருந்தான்.

“இது ஹேக்கு இல்லப்பா, பயம்” என்றார் பாக்குக்காரர். அன்று மேடையில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

தலைமை நடுவர் தொண்டையைச் செருமினார். “நான் அப்பவே நெனச்சேன்” என்று மைக்கில் சொன்னார். வாய் கூசவில்லை. வர்ணனையாளன் அதற்கும் கத்தினான். கேப்டன் “சாரிங்கண்ணே, எங்க அப்பத்தா கூட இம்புட்டுப் பயப்படாது” என்று கை கொடுத்தான். என் அணிக்காரன் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

அரை இறுதியில் எங்களோடு மோத வேண்டிய அன்னவாசல் அணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, சிரிக்காமல் திரையைப் பார்க்கிறவர்களைக் கண்டால் பயம்.

அரை இறுதியில் முதல் கதவைத் தாண்டினேன், திரும்பினேன். அந்த ஒரு நொடிக்குத்தான் முன்பக்கம் ஒருத்தன் காத்திருந்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே. நான் எந்த வாசலில் எப்போது திரும்புவேன் என்பதை என் கண்ணாலேயே பார்த்துப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். இனிமேல் திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனேன். அந்தச் சுற்றில் பின்னாலிருந்து சுட்டார்கள்.

தோற்றுவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். ஷட்டர் முன்னால் ஒருவர் உடைந்த போனோடு நின்றிருந்தார். மண்டபத்திலிருந்துதான் வந்திருந்தார் போல, வாயில் இன்னும் சிரிப்பு இருந்தது.

“டிஸ்ப்ளே மாத்தணும், நாளைக்கு வாரேன்” என்று போனை என் கையில் கொடுத்தார். லாக் நம்பரையும் அவராகவே சொன்னார். “பத்திரமா வச்சிருப்பீங்கல்ல? நீங்கதான் திரும்பித் திரும்பிப் பாக்குற ஆளாச்சே.”

போனை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவர் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்து, பூட்டை இழுத்துப் பார்த்தேன்.