இரண்டு ஒப்புதலுக்காக இயக்குநர் வரை

விராலிமலையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில்தான் எங்கள் கிளை அலுவலகம். தலைமை அலுவலகம் சென்னையில். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் செயலியை நாங்கள் செய்கிறோம். பேருந்து தாமதமானால் பெற்றோரின் கைபேசிக்கு எஸ்எம்எஸ் போகும். ஆங்கிலத்தில் போனால் ஒரு குறையும் இல்லை. தமிழில் போனால், பள்ளியின் பெயர், பிள்ளையின் பெயர், வழித்தட எண் எல்லாம் வந்து, "பேருந்து இன்று தாமதமாக" என்பதோடு நின்றுவிடும். வருமா, கிளம்புமா என்பதைப் பெற்றோர் தங்கள் கற்பனைத் திறத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

காரணம் எளிது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் நூற்றறுபது எழுத்துகள் அடங்கும், தமிழில் எழுபதுதான். எங்கள் நிரல் இரண்டையும் ஒன்றாகவே பாவித்திருந்தது. அதைத் திருத்தி, ஒரு திங்கள்கிழமை புல் ரிக்வெஸ்ட் போட்டேன். அதாவது, "நான் இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். நான் தொட்ட பகுதி சென்னையிலுள்ள இன்னொரு குழுவுக்குச் சொந்தமானது. அந்தக் குழுவில் இரண்டு பேர் ஒப்புதல் கொடுக்காமல் அது சேராது. தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சையில் இருந்தன. வெள்ளிக்கிழமை ரிலீஸ், புதுப் பதிப்பு வெளியாகும் நாள். அடுத்த வாரம் பள்ளிகள் திறக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். பதில் வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை, பார்த்து ஒப்புதல் தர வேண்டிய இரண்டு ரிவியூவர்களின் பெயரையும் குறிப்பிட்டு, நேரம் கிடைக்கும்போது பாருங்கள் என்று அங்கேயே எழுதினேன். நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். ஒருவரிடமிருந்து ஒன்றுமே இல்லை. இன்னொருவர் என் செய்தியின்மேல் இரண்டு கண்கள் உள்ள எமோஜி பொம்மையை ஒட்டினார். அன்று முழுக்க அந்தக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் நிரலைத்தான் பார்க்கவில்லை.

மதியம் எங்கள் கிளை மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும்; அது வேறொரு பிரச்சினையின் தீர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

"ஒரு ஜென்டில் ரிமைண்டர் போடுங்கம்மா" என்றார்.

"ரெண்டு போட்டாச்சு சார்."

"அப்ப நம்ம ஆளுங்க ரெண்டு பேரை இங்கிட்டிருந்தே அப்ரூவ் பண்ணச் சொல்லிருவோமா?"

"நம்ம ஒப்புதல் கணக்குல வராது சார். அந்த டீம்காரங்கதான் போடணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "சரி, டைரக்டருக்கே எழுதிருவோம். மேல இருந்து ஒரு வார்த்தை வந்தா எல்லாம் ஓடும்."

எழுதினோம். கண்ணில் பட்ட பதவிகளையெல்லாம் நகலில் சேர்த்தார் மேலாளர். சொன்னபடியே மேலேயிருந்து வார்த்தை வந்தது. "உடனே கவனிக்கவும்" என்று இயக்குநர் துணைத் தலைவருக்கு அனுப்பினார். துணைத் தலைவர் "தயவுசெய்து கவனிக்கவும்" என்று பிராந்திய மேலாளருக்கு அனுப்பினார். அவர் ஒரு சொல்லும் சேர்க்காமல் எங்கள் மேலாளருக்கு அனுப்பினார். வியாழக்கிழமை காலை எங்கள் மேலாளர் அதை எனக்கு அனுப்பி, "பாத்து முடிச்சுருங்கம்மா" என்று எழுதியிருந்தார். கம்பெனியின் உச்சி வரை போய்வந்த புகார், யார் கொடுத்தாரோ அவரிடமே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. தபால் துறைகூட இவ்வளவு நேர்த்தியாகத் திருப்பி அனுப்பாது.

வேறு வழி தெரியாமல்தான் ரிலீஸ் மேனேஜருக்கு எழுதினேன். எது ரிலீஸில் போகும், எது போகாது என்று தீர்மானிப்பவர் அவர். ஒருமுறைகூடப் பேசியதில்லை. என் கோபத்தை எழுதவில்லை. எது நிற்கிறது, யாருடைய ஒப்புதல் வேண்டும், எப்போதிலிருந்து காத்திருக்கிறேன், இயக்குநர் வரை யாருக்கெல்லாம் எழுதினேன், நாளைக்குள் சேராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம், இவ்வளவுதான். சற்று நேரத்தில் அவரே அழைத்தார்.

"பின்னாடி என்னங்க சத்தம்?"

"மயில் மேடம். மொட்டை மாடியில நிக்குது."

"சரி. இதுக்கு ஏன் என்கிட்ட முதல்லயே வரல?"

"நீங்க ரிவியூ பண்றவங்க இல்லையேன்னு..."

"ரிவியூ பண்ண மாட்டேன். ஆனா ரிலீஸ் நிக்குதுன்னா அது எனக்குத் தெரியணும்ல? டைரக்டருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

"மேடம், நீங்க நேரா சேர்த்துவிட முடியாதா? உங்களுக்கு அனுமதி இருக்குமே" என்று கேட்டுப்பார்த்தேன்.

"இருக்கு. பார்க்காம சேர்த்தா அப்புறம் ரிவியூ எதுக்கு? அந்த டீமோட லீட்கிட்ட பேசினீங்களா?"

"இல்ல."

"அவர்தானே யாரு எதைப் பார்க்கணும்னு சொல்றவரு. இருங்க, கூப்பிடுறேன்."

இயக்குநர், துணைத் தலைவர், பிராந்திய மேலாளர் என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். வேலையைப் பிரித்துக் கொடுப்பவரை மட்டும் விட்டிருக்கிறேன். எங்கள் குழுக்கள் வெவ்வேறு என்பதால் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

லீட் அழைப்பில் சேர்ந்தார். குரலில் அவசரமே இல்லை. முதல் ரிவியூவர் திங்கள்கிழமையிலிருந்து விடுப்பில் இருக்கிறார், தங்கைக்குக் கல்யாணம் என்றார். அது விடுப்பு விண்ணப்பத்தில் மட்டும்தான் இருந்தது. எங்கள் அரட்டைச் செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. கல்யாண மண்டபத்திலும் கைபேசி வேலை செய்யும் அல்லவா. கண்களை ஒட்டியவரையும் அழைப்பில் சேர்த்தார்கள்.

"அவர் பார்ப்பாருன்னு நெனச்சேன்" என்றார் கண்காரர்.

"அப்ப அந்தக் கண்ணு?" என்று கேட்டேன்.

"பார்க்கணும்னு குறிச்சு வச்சதுங்க."

லீட் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. விடுப்பில் இருப்பவருக்குப் பதில் தானே பார்ப்பதாகவும், கண்காரர் மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கண்காரர் சாப்பாட்டுக்கு முன்பே ஒப்புதல் கொடுத்துவிட்டார். லீட் கொடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரே எஸ்எம்எஸ் என்றால் எழுபது சரி. செய்தி நீண்டு இரண்டு மூன்றாகப் பிரிந்தால், அவற்றைச் சேர்க்கும் குறிப்புக்கும் கொஞ்சம் இடம் போகும். அப்போது ஒவ்வொரு துண்டிலும் அறுபத்தேழுதான் அடங்கும். நான் எல்லாவற்றுக்கும் எழுபது என்றே வைத்திருந்தேன். நான் சோதித்ததெல்லாம் சின்னச் சின்னச் செய்திகள். நீளமான செய்தி போயிருந்தால் துண்டுக்கு மூன்று எழுத்து காணாமல் போயிருக்கும்.

மூன்று நாளாக ஏன் பார்க்கவில்லை என்று கொதித்தவள், பார்த்தவர் கேட்டதும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அறுபத்தேழுதான். திருத்தி அனுப்பினேன். புது மாற்றம் வந்தால் பழைய ஒப்புதல் தானாகவே ரத்தாகிவிடும் என்பது விதி. ஆகவே கண்காரரிடம் மறுபடி கையேந்த வேண்டியதாயிற்று. இந்த முறை பொம்மை எதுவும் ஒட்டாமல் உடனே பார்த்தார். லீட் அதே உரையாடலில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

லீட்டும் ஒப்புதல் கொடுக்க, வெள்ளிக்கிழமை மதியம் ரிலீஸ் போனது. மாலையில் இயக்குநரிடமிருந்து எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது. தலைமையின் உடனடித் தலையீட்டால் சிக்கல் தீர்ந்தது என்று துணைத் தலைவருக்கும் பிராந்திய மேலாளருக்கும் எங்கள் மேலாளருக்கும் நன்றி. ரிலீஸ் மேனேஜர் பெயர் இல்லை. லீட் பெயரும் இல்லை. எங்கள் மேலாளர் அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

நான் ரிலீஸ் மேனேஜரைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். அந்த மின்னஞ்சலை இன்னும் படிக்கவில்லை என்றார்.

"அடுத்த தடவை லீட்கிட்ட சொல்லுங்க. கூடவே எனக்கும் ஒரு வரி போடுங்க."

"நீங்களும் பதில் சொல்லலன்னா மேடம்?"

"போன் பண்ணுங்க. நம்பர் கம்பெனி தளத்துல ரிலீஸ் பக்கத்துலயே இருக்கு, ரொம்ப நாளா."

பேசியபடியே ரிலீஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அவர் எண், அதற்குக் கீழே அவர் இல்லாவிட்டால் யார் என்பது, அதற்குக் கீழே ஒவ்வொரு குழுவின் லீட் பெயரும்.