ஒரு தோட்டத்துக்கு ஒரு சிவப்பு

மலையகத்து நோர்வூட்டில் பல தேயிலைத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு பட்டறை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றாலும், பங்களாவில் தண்ணீர் ஏறாவிட்டாலும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கரண்ட் போனாலும் அங்கேதான் சொல்ல வேண்டும். சொல்வதை வாங்கிக் கணினியில் பதிந்து, எந்த ஃபிட்டர் எங்கே போவது என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. சிவப்பு என்றால் இன்றைக்கே. மஞ்சள் என்றால் இந்த வாரம். பச்சை என்றால் இந்த மாதத்துக்குள். நிறத்தைத் தோட்டத்து ஆட்களே போட்டு அனுப்புவார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். ஆபீஸ் கதவின் தாழ்ப்பாள் சிவப்பு, பங்களா நாய்க்கூண்டின் தகரம் சிவப்பு, எப்போதோ எரிந்துபோன வாசல் பல்பும் சிவப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. தாழ்ப்பாள் இல்லாமல் அந்த ஆபீஸ் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அவர்களைப் பொய்யர்கள் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் போட்டவன் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. ஒருமுறை காத்துப் பார்த்து அலுத்தவன் அடுத்த முறை சிவப்பைத்தான் போடுவான். எல்லாரும் அப்படியே செய்ததில் சிவப்புக்கு ‘ஒரு வேலை இருக்கிறது’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லாமல் போனது. ஃபிட்டர்கள் பாவம், எது கிட்டே இருக்கிறதோ அங்கே போனார்கள். இல்லாவிட்டால், யார் போனில் அதிகம் கத்தினாரோ அங்கே.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டீமேக்கர் மட்டும் இதில் சேராதவர். தொழிற்சாலைக்குள் கொழுந்து வந்ததிலிருந்து தூளாகிப் போகும்வரை அவர் பொறுப்பு. மெல்லப் பேசுகிற மனிதர். அவசரமில்லாததை அவசரம் என்று எழுத அவருக்குக் கை வராது. கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையரின் காற்றாடி பேரிங் உறுமுகிறது என்று மஞ்சள் போட்டார். ஒருவரும் போகவில்லை. உறுமல் கூடி, பேரிங் தொட முடியாத சூடான பிறகு சிவப்பு போட்டார். அன்றைக்கு அது சிவப்புகளுக்கு நடுவே இன்னொரு சிவப்பு. ஃபிட்டர்கள் பொகவந்தலாவையில் ஒரு பங்களாவின் வெந்நீர்க் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

விடிகாலையில் பேரிங் இறுகிக் காற்றாடி நின்றது. உருட்டி நொறுக்கிய கொழுந்து அதற்குள் தரையில் பரப்பியாகிவிட்டது. அது ட்ரையருக்குள் போகவேண்டிய நேரத்துக்குப் போகாவிட்டால் அளவுக்கு மேல் புளித்துவிடும், பிறகு எந்த நெருப்பாலும் அதைத் தேற்ற முடியாது. ஒரு நாள் கொழுந்து வீணானது. தோட்டத்தை நடத்தும் துரை அவரைக் கூப்பிட்டு, நேரத்தோடு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். சொன்னேன் என்றிருக்கிறார் இவர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது துரையின் பதில். தொழிற்சாலை வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். இதை அவர் எனக்குப் போனில் சொன்னது முறைப்பாடாக அல்ல. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தங்கச்சி, நான் மொதல்ல மஞ்சள் போட்டது தப்புங்களா?”

தப்பில்லை என்றேன். அந்தப் பதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் இஞ்சினியர் முதலில் கண்டுபிடித்த வைத்தியம், சிவப்புக்கு மேலே ஊதா. மிக அவசரத்துக்கு மட்டும் என்று எல்லாத் தோட்டத்துக்கும் அறிவித்தார். தாழ்ப்பாள் ஒரே வாரத்தில் ஊதாவானது. பிறகு, கொழுந்து கெடும் என்றால் மட்டும் சிவப்பு என்று விதி வைத்தார். எல்லாரும் ‘கொழுந்து கெடும்’ என்று எழுதப் பழகிக்கொண்டார்கள். நாய்க்கூண்டுக்கும் கொழுந்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கிளாக்கரைக் கேட்டேன். சிரித்தாரே தவிர நிறத்தை மாற்றவில்லை.

மூன்றாம் முறை இஞ்சினியர் வார்த்தையால் விதி வைப்பதை விட்டுவிட்டார். ஆளுக்கு ஆபத்தானது, கரண்ட் அடிப்பது போன்றது, எந்தக் கணக்கிலும் சேராது, உடனே போவோம். போன பிறகு அது உண்மையா என்று அவரே நேரில் பார்ப்பார். மற்றபடி ஒரு தோட்டத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு சிவப்புதான். இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதை இறக்க வேண்டும், அதைப் போட்டவரே இறக்க வேண்டும். ஊதாவை எடுத்துவிட்டார். இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஒரு ஃபிட்டரை மஞ்சளுக்கென்றே ஒதுக்கினார். எந்தச் சிவப்புக்கும் அவரை இழுக்கக் கூடாது. மஞ்சள் போட்ட வேலை உண்மையிலேயே அந்த வாரத்தில் நடக்கிறது என்று தெரிந்ததும் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே மஞ்சளுக்கு இறங்கின. திரையில் வெள்ளை இடம் தெரிந்தது. போனில் கத்துகிறவர்கள் குறைந்தார்கள், காலையில் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் குடிக்க முடிந்தது.

அப்படிக் கொஞ்ச காலம் போனது. ஒரு நாள் மத்தியானம் டீமேக்கர் போன் போட்டார். புதுப் பேரிங்கும் சத்தம் போடுகிறதாம், தண்டு கோணியிருக்கும் போல என்றார். அன்றைக்குக் கொழுந்து நிறைய வந்து உருட்டுவதற்காக மேல்மாடியில் வாடப் போட்டிருந்தது. விடிந்தால் உருட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் ஃபிட்டர் வராவிட்டால் பழைய கதைதான்.

திரையைப் பார்த்தேன். அந்தத் தோட்டத்துக்கு உள்ள ஒரு சிவப்பு ஏற்கெனவே செலவாகியிருந்தது. துரை பங்களா தண்ணீர் பம்பு, போட்டவர் துரை. கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களாம். அன்றைக்குச் சிவப்புக்கு மிஞ்சியிருந்த ஒரே ஃபிட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பங்களாவுக்குப் புறப்பட நின்றார். இஞ்சினியர் கண்டிக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை.

இதை டீமேக்கரிடம் சொன்னேன். துரையிடம் போய் உங்கள் சிவப்பை இறக்குங்கள் என்று அவரால் கேட்க முடியாது. எனக்கும் புரிந்தது. “சரி தங்கச்சி, மஞ்சள்ல போடுங்க” என்றார்.

நான் போடவில்லை. ஃபிட்டரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுத் துரைக்குப் போன் போட்டேன். டீமேக்கருக்காகக் கெஞ்சவும் இல்லை, பம்பைக் குறை சொல்லவும் இல்லை. அதில் அர்த்தமில்லை என்று அதற்குள் கற்றிருந்தேன். அவர் தோட்டத்தின் ஒரு சிவப்புக்கு இரண்டு வேலை நிற்கிறது, ஒன்று பங்களா பம்பு, மற்றது ட்ரையர் காற்றாடி, ஃபிட்டர் வாசலில் நிற்கிறார் என்றேன்.

“ஒங்க தோட்டம் சேர். எதை எறக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

ட்ரையருக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. பம்பை இறக்கு, வாளியில் குளித்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியாது.

ஃபிட்டர் பொழுது சாய்வதற்குள் போய்த் தண்டை நிமிர்த்திப் பேரிங்கை மாற்றினார். மறுநாள் டீமேக்கர் போன் போட்டு, கொழுந்து நல்லபடியாக இறங்கியது என்றார். பின்னால் காற்றாடி ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, பம்பை யார் இறக்கினார்கள் என்று கேட்டார்.

“தொரைதாங்க.”

“என் பேரச் சொன்னீங்களா?”

“சொன்னேன். அதுக்கப்புறந்தான் எறக்கச் சொன்னாரு.”

“அப்ப என் பேச்ச நம்பியிருக்காரு” என்றார். போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்காமல் அந்தக் காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.