கீபோர்டு இல்லாத பிரசங்கம்

எங்கள் போதகர் ஆனந்த் ஐயாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் மகன். பழைய பைக் ஒன்றில் மலைக் கிராமமெல்லாம் சுற்றுவார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய்விடுவார். பேச ஆரம்பித்தால் கல்லும் கரையும். அந்தத் திறமையில்தான் கோளாறு. அதற்கு நானும் உடந்தை. கொடைக்கானல் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சரான நான் ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிக்கிறேன்.

எங்கள் சபையில் வருடாவருடம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்ஜெட் கூட்டம். அதற்கு முன் ஐயா கொடுத்தலைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு எனக்குக் கண் காட்டுவார். நான் கீபோர்டை மெல்லத் தொடங்குவேன். எந்த இடத்தில் சுருதி ஏறினால் எத்தனை பேர் கைப்பையைத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது வாக்குறுதி அட்டை பெஞ்சு பெஞ்சாகப் போகும். எழுதிய தொகையைப் பெயரோடு பொருளாளர் செல்வமுருகன் மைக்கில் வாசிப்பார். அடுத்த வீட்டுக்காரன் பெயர் வந்த பிறகு நம் பெயர் வராமல் இருந்தால் எப்படி?

போன வருடம் ஐயா, பைபிளில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பேசினார். "நம்ம மத்தியிலயும் அப்படி ஒரு அம்மா இல்லாமலா போயிருவாங்க?" என்று சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். வடகவுஞ்சியிலிருந்து வரும் பொன்னுத்தாய் அங்கே உட்கார்ந்திருந்தார். புருஷன் செத்து நாலு வருடம், கையில் இருப்பது முக்கால் ஏக்கர் பூண்டுக் காடு. "கர்த்தருக்குக் கொடுத்தா நூறு மடங்கா வெளையும்" என்று ஐயா முடித்தார். நான் சுருதியை ஏற்றினேன். பொன்னுத்தாய் அட்டையை வாங்கி எழுதினார். பெயர் வாசித்தபோது சபையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கியது. நன்றாக வாசித்தேன் என்று பெருமைகூடப் பட்டேன், வெட்கங்கெட்டவள்.

இந்தப் பிப்ரவரியில் வடகவுஞ்சியில் வீட்டு ஜெபத்துக்கு ஐயாவோடு நானும் போனேன். பொன்னுத்தாய் வீட்டில் இல்லை. பக்கத்துக் காட்டில் கூலிக்குக் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய காடு களை மண்டிக் கிடந்தது.

"ஏம்மா, உங்க காட்டுல பூண்டு போடலையா?" என்று ஐயா கேட்டார்.

"வெதை இருந்தாத்தான ஐயா போடுறதுக்கு."

"வெதை என்னாச்சு?"

பொன்னுத்தாய் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "போன வருசம் நீங்க கேட்டீங்கள்ல. அடுப்புக்கு மேல கெடந்த வெதைப்பூண்ட வித்துத்தான் போட்டேன். நூறு மடங்கு வெளையும்னீங்க. வெதைக்காம எப்படி ஐயா வெளையும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த வாரமே ஐயா பூம்பாறையிலிருந்து விதைப்பூண்டு வாங்கி ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். பொன்னுத்தாய் இறக்கிவைத்தார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பட்ஜெட் ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம் கோவிலில் பாட்டுப் பழக்கம். ஐயா என்னிடம், "டீச்சர், இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுத்தான் பேசப்போறேன். கேட்டுப் பாருங்க" என்று எழுதிவைத்ததை வாசித்தார். பெயர் சொல்லாமல் பொன்னுத்தாய் கதைதான். களை மண்டிய காடு, மண் அப்பிய கை, அந்தக் கேள்வி, கடைசியில் ஐயாவின் அழுகை. நான் தேம்பி அழுதேன். என் விரல் தானாகக் கீபோர்டுக்குப் போய்விட்டது. என் விரலுக்கு அதுதான் பழக்கம்.

பீடத்துக்கு வெள்ளை அல்லிப் பூக் கொண்டுவந்த பொன்னுத்தாய் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்.

"எங்கதையச் சொல்லித்தான் இந்தத் தடவையும் வசூலா, ஐயா?"

பூவைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஐயா கையிலிருந்த காகிதத்தை மடித்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். "நான் மன்னிப்புக் கேட்டா இன்னும் ரெட்டிப்பாப் போடுவாங்கன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு, டீச்சர். அது எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றார். நான் கீபோர்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

ஞாயிறன்று எல்லாம் மாறியிருந்தது. காணிக்கைப் பையைப் பிரசங்கத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் பட்ஜெட் நகல் இருந்தது. செல்வமுருகன் முகம் கடுகடுவென்று இருந்தது.

ஐயா சாதாரணக் குரலில் பேசினார். "இந்தத் தாள்ல என் சம்பளமும் இருக்கு. கேக்குறவனுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நெனப்புல வச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க. போன வருசம் கொடுத்தா நூறு மடங்கு வெளையும்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. கொடுக்காட்டி நோய் வரும்னு சொல்லவும் அதிகாரம் இல்ல. ரெண்டு காசு போட்ட விதவையப் பத்திப் பேசுனேன். அதுக்கு முந்தின வரியிலயே, விதவைங்க வீட்டைப் பட்சிக்கிற, வேதம் போதிக்கிறவங்கள ஆண்டவர் கண்டிச்சிருக்கார். அத நான் வாசிக்காம விட்டேன். அது என் தப்பு."

எந்த வீடு, எந்த விதவை என்று அவர் சொல்லவில்லை. அழவும் இல்லை.

"கொடுக்கிறது நல்லதுதான். நாமெல்லாம் கடவுள்கிட்ட சும்மா வாங்குனவங்க, அதனால கொடுக்கிறோம். ஆனா வெதைக்கு வச்சிருக்கிறதக் கொண்டுவராதீங்க. வட்டிக்கு வாங்கிப் போடாதீங்க. இல்லாததக் கடவுள் கேக்கல, இருக்கிறதப் பாத்துத்தான் ஏத்துக்கிறார்னு பைபிள்ல பவுலே சொல்லியிருக்கார். இன்னிக்கு அட்டை இல்ல. வீட்டுக்குப் போங்க, புருசன் பொண்டாட்டி உக்காந்து பேசுங்க, மனசுல தீர்மானம் பண்ணுங்க. அடுத்த வாரம் பேர் எழுதாத கவர்ல போடுங்க. யாரு எவ்வளவுன்னு எனக்கும் தெரியவேணாம். ஒண்ணும் போடலேன்னாலும் உங்க வீட்டுக்கு நான் இதே பைக்லதான் வருவேன்."

பத்தே நிமிடம். முடிவில் கூரைமேல் தூறல் விழுவது கேட்டது. என் கை மடியிலேயே இருந்தது. அந்த அமைதி எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை வருடமும் அந்த அமைதியில் ஜனங்கள் யோசித்துவிடக் கூடாது என்றுதானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் செல்வமுருகன், "இப்படிப் பேசினா வசூல் படுத்துரும்" என்றார். "படுத்தா படுக்கட்டும். வர்ற பணத்துக்குள்ள செலவப் பண்ணுவோம்" என்றார் ஐயா. ஸ்பீக்கர் செட்டும் மதில் சுவர்ப் பெயின்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டன. எஸ்டேட் லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சபை நடத்தும் மாலை வகுப்பை மட்டும் யாரும் வெட்ட விடவில்லை.

அடுத்த ஞாயிறு கவர்கள் வந்தன. போன வருடத்தைவிடக் குறைவு. செல்வமுருகன் அதைச் சத்தமாகவே சொன்னார். ஐயா தலையாட்டிவிட்டு, கைகொடுத்து அனுப்ப வாசலுக்குப் போனார். வரிசையில் பொன்னுத்தாய் வந்தார். விதைப்பு வேலை, நகத்திடுக்கில் மண். ஐயாவின் கண்ணைப் பார்த்து, "ஐயா, இந்த வருசம் நான் ஒண்ணும் போடல" என்றார்.

நான் கீபோர்டோடு ஐயாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஐயா ஒரு வசனமோ ஆறுதலோ சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"சரிம்மா" என்றார்.

பொன்னுத்தாய் இன்னும் ஏதாவது வருமா என்று ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "அப்ப வாரேன் ஐயா, பஸ்ஸு போயிரும்" என்று வெரசாக இறங்கிப் போனார். பதினெட்டு வருடமாக இந்தச் சபையில் இருக்கிறார் ஐயா. அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் ஒருவர் தைரியமாகச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.