பின்னட்டையில் ஒரு கேள்விக்குறி

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் பதிப்பகத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் ‘பின்னட்டையார்’. புத்தகத்தின் பின்னட்டையில் நாலு வரி இருக்குமே, படித்ததும் வாங்கலாமா வேண்டாமா என்று நம்மை ஆட்டிவைக்குமே, அதை எழுதுகிறவர். பெரிய எழுத்தாளர்களிடம் பாராட்டு வாங்குவது, விருது ஸ்டிக்கர் ஒட்டுவது, அட்டைமேல் சிவப்புக் காகிதப் பட்டி சுற்றுவது எல்லாம் அவர் வேலைதான். நாமெல்லாம் முதல் பக்கம் திறந்து படிக்க ஆரம்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அட போங்கள்! கடையில் திருப்பிப் பார்த்தபோதே இந்த மனுஷன் பாதிப் புத்தகத்தை நம் தலைக்குள் எழுதிவிட்டிருப்பார்.

இதற்கெல்லாம் புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டுமா என்ன? முதல் அத்தியாயம், கடைசிப் பக்கம், நடுவில் என்ன என்று எடிட்டரிடம் டீ குடிக்கும் நேரத்தில் ஒரு விசாரணை. போதும். மாதத்துக்கு அத்தனை புத்தகம் வருகிறது, எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் எப்போது எழுதுவது என்பார். நியாயம்தான். தன் சொந்த அக்காவின் நாவல் வந்தபோதும் அவர் அதைத்தான் செய்தார். அதுதான் நியாயமில்லை.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பில் உட்காருகிறவள். பல வருஷத்துக்கு முன் ஒரு காலை, அவள் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனவர் போனவர்தான். போலீஸ் தேடியது, சொந்தக்காரர்கள் தேடினார்கள், ஒரு தகவலும் இல்லை. அதற்கப்புறம் ஒருத்தி எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், எங்கே கையெழுத்துப் போட்டாலும் கணவர் பேர் கேட்கிறார்களே அங்கே என்ன எழுதுகிறாள் என்பதுதான் அவள் நாவல். அவன் எங்கே போனான் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. அவளுக்கே தெரியாததை அவள் எங்கிருந்து எழுதுவாள்?

முதலாளி தாள்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா ஒண்ணுமே நடக்கலையேய்யா. இதை எப்படி விக்கறது?”

“அதை என்கிட்ட விடுங்க சார்” என்றார் பின்னட்டையார். அக்கா மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

அவர் எழுதியது இதுதான்: ‘ஒரு காலை. திறந்த கதவு. திரும்பி வராத கணவன். அவள் நமக்குச் சொல்லாமல் மறைப்பது என்ன? அவன் எங்கே போனான்?’

அடுத்தது பாராட்டு. ஒரு மூத்த எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு அக்கறையாக எழுதி அனுப்பியிருந்தார்: ‘இதில் மர்மமே இல்லை என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. விடை தேடுகிறவர்கள் தொட வேண்டாம்.’ பின்னட்டையார் கத்தரியை எடுத்தார். அட்டையில் ஏறியது: ‘என்னைத் திகைக்க வைத்தது…’ அந்த மூன்று புள்ளிக்குள் பெரியவரின் மிச்ச நேர்மை முழுக்க அடக்கமாயிற்று.

ஒரு பரிசுக்குழு, பரிசீலனைக்கு வந்த புத்தகங்களை ஒருதரம் சலித்து நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதற்குப் பிறகு குறும்பட்டியல், அதற்கும் பிறகுதான் பரிசு. அக்காவின் நாவல் நீண்ட பட்டியலோடு நின்றுவிட்டது. நின்றால் என்ன? பதக்கம் மாதிரி வட்டமாய் ஒரு தங்க நிற ஸ்டிக்கர். நடுவில் பரிசின் பேர் கொட்டை எழுத்தில், ஓரத்தில் ‘நீண்ட பட்டியல்’ என்று எறும்பு சைசில். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பரிசே கிடைத்த மாதிரி இருக்கும்.

விற்பனையில் முதலிடம் வந்தது இன்னும் பெரிய கூத்து. ஆன்லைன் கடைக்காரன் புத்தகங்களைப் பிரிவு, அதற்குள் உட்பிரிவு, அதற்குள்ளும் ஒரு பிரிவு என்று அடுக்கி வைத்திருப்பான். வரிசை மணிக்கு மணி மாறும். ஈ ஓட்டுகிற ஒரு குட்டிப் பிரிவில் புத்தகத்தைப் போட்டுவிட்டு, ஒரு மத்தியானம் ஆபீஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று ஆர்டர் செய்தார்கள். ஏறிவிட்டது முதலிடம்! சாயங்காலம் இறங்கியும் விட்டது. அதற்குள் திரையைப் படம் பிடித்து வைத்தாயிற்று. ‘விற்பனையில் முதலிடம்’ என்று சிவப்புப் பட்டி சுற்றியாயிற்று. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கடைக்காரர்கள் அட்டையைப் பார்த்து அதைத் துப்பறியும் கதைகளோடு அடுக்கினார்கள். சிவப்புப் பட்டியைப் பார்த்து ஜனங்கள் வாங்க, இப்போது முதலிடம் நிஜமாகவே வந்தது. அக்கா இனிப்பு வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். “உன் கைராசிடா” என்றாள். இவருக்குக் கால் தரையில் படவில்லை.

அப்புறம்தான் வாசகர்கள் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

‘முடிவே இல்லை. பணம் தண்டம்.’ ஒரு ஸ்டார். ‘விருதுப் புத்தகமாம்! யார் குடுத்தாங்களோ.’ ஒரு ஸ்டார். ஒருவர் கடைசிப் பக்கங்களை அச்சடிக்காமல் விட்டுவிட்டீர்கள், வேறு பிரதி அனுப்புங்கள் என்று பார்சலையே திருப்பி அனுப்பியிருந்தார். ஆபீஸில் அதைச் சுற்றி நின்று சிரித்தார்கள். பின்னட்டையாரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

நூலகத்தில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள், இவர் பின்வரிசையில். கண்ணாடி போட்ட ஓர் அம்மா எழுந்தாள். பாவம், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆசை ஆசையாகப் படித்துவிட்டு வந்தவள். “நான் ஆறாம் அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சுட்டேங்க. கொல்லையில குழி வெட்டி எலுமிச்சைக் கன்னு வைக்கறாளே, அதுக்கு அடியிலதானே அவன் இருக்கான்? அவதானே கொன்னா? பின்னட்டையிலேயே குறிப்பு குடுத்துட்டீங்களே, அவ எதையோ மறைக்கறான்னு!”

கூட்டம் கைதட்டியது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கன்று வைத்தது ஏன் என்று அந்த அத்தியாயத்திலேயே எழுதியிருந்தாள். வீட்டில் காத்துக்கொண்டிருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வரியை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. கொலையைத் தேடுகிற கண்ணுக்கு அது எங்கே தெரியும்?

இரண்டாம் பதிப்புக்கு முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். “அக்காகிட்ட பேசுய்யா. கடைசியில ஒரு அத்தியாயம் சேர்க்கச் சொல்லு. புருஷன் செத்துட்டான்னு ஒரு தகவல் வரட்டும். கதை முடிஞ்சா சரி.” இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து, அக்காவிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டார். முதலாளியே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எனக்கு எழுதத் தெரியலைடா. இத்தனை பேர் சொல்றாங்கன்னா தப்பு என்மேலதானே? அவர் செத்துட்டார்னு எழுதிடட்டுமா? எழுதினா…” காகிதத்தில்கூட அந்த மனுஷனைச் சாகடிக்க அவளுக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷமும் சாகடிக்காமல் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். யோசிச்சுச் சொல்றேன்க்கா என்று இவர் அனுப்பிவைத்தார்.

அன்று ராத்திரி பெண்டாட்டியிடம் கொட்டினார். அவள் ஒரு தையல் பள்ளியில் டீச்சர். மாமியார் உறவு நாத்தனார் உறவு எல்லாவற்றையும் அளவெடுத்து வைத்திருப்பவள், நாத்தனாரின் நாவலைத் தொடாமலே இருந்தாள். கொலைக்கதை என்று அட்டை சொல்கிறதே, ராத்திரி தூக்கம் கெடும் என்று. இவர் ஆபீஸிலிருந்து அட்டையில்லாத திருத்தப் பிரதியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். வெறும் தாள்கட்டு. தலைப்பு, ஸ்டிக்கர், பட்டி ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தாள். முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். “உங்க அக்கா இப்படியா இருந்தாங்க? நாம ஒரு நாளாவது என்ன ஏதுன்னு கேட்டோமா?”

“அவன் எங்க போனான்னு உனக்குத் தோணலையா?”

“அவன் கதையா இது? அவன் போனா என்ன, போகாட்டி என்ன!” என்றாள். பிறகு அவரையே பார்த்தாள். “ஆமா, நீங்க படிச்சீங்கதானே?”

இவர் செய்தித்தாளை எடுத்து விரித்தார். “அடப்பாவி மனுஷா” என்று தாள்கட்டை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, இவர் படிக்க உட்கார்ந்தார். கவனமாய்த்தான் ஆரம்பித்தார். ஆனால் கண் நிற்க மாட்டேன் என்றது. அக்கா அழுகிற பக்கத்தைத் தாண்டி ஓடியது, மாமா போன காலையைத் திரும்பத் திரும்ப நோண்டியது. மாமா கடைசியாய்ச் சொன்னது என்ன? அக்கா ஏன் மூன்று நாள் கழித்துப் போலீசுக்குப் போனாள்? அடச் சே, நான் என்ன தேடுகிறேன் என்று தலையில் தட்டிக்கொண்டார். ஆறாம் அத்தியாயம் வந்ததும் குழி எவ்வளவு ஆழம் என்று எழுதியிருக்கிறாளா என்று பார்த்தார். அக்கா வீட்டுக் கொல்லையில் நிற்கிற அந்த மரத்து எலுமிச்சையைப் பை பையாக வாங்கிவந்து ஊறுகாய் போட்டுத் தின்றவர் இவர். எழுதிய கேள்வி எழுதியவனையே பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனார். ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியவரின் பாராட்டை வெட்டியதைச் சொன்னார், ஸ்டிக்கரைச் சொன்னார், மத்தியான முதலிடத்தைச் சொன்னார். முழுசாகப் படிக்காமலே எழுதியதையும் சொன்னார். “தப்பு புத்தகத்துல இல்லக்கா. நான் ஒண்ணைக் காட்டி அழைச்சுட்டு வந்தேன், உள்ள வேற ஒண்ணு இருந்துச்சு. அவங்க ஏமாந்தது என்னால. நீ ஒரு எழுத்தும் மாத்தாதே. அட்டையை நான் மாத்தறேன், முதலாளி என்ன சொன்னாலும் சரி.”

அக்கா கடைசிவரை கேட்டாள். அப்புறம் அவள் தோள் இறங்கியது, மூச்சு வந்தது. “போடா தடியா. என் எழுத்துதான் சரியில்லையோன்னு செத்துட்டிருந்தேன்” என்றாள். சிரித்தாள் கூட. காபி போட எழுந்தாள்.

அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எத்தனை நல்ல இடம் அது முடிக்க! ஆனால் சமையலறை ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது.

“அக்கா… அந்தக் கன்னு, நீ போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி வச்சதா, பின்னாடியா?”

சும்மா கேட்கிற குரலில்தான் கேட்டார். அக்கா பாலை இறக்கி வைத்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்து மண்வெட்டியை எடுத்தாள்.

“வா. தோண்டிப் பாத்துடலாம்.”

“ஐயோ அக்கா, என்ன நீ!” என்று இவர் எழுந்தார். எழுந்து, ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடுங்கவும் செய்தார். ஆனால் உடனே எழவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அதை அக்கா பார்த்துவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜையில் வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“செத்துட்டார்னே எழுதிடறேன்டா” என்றாள். “எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில, காய்ச்சல்ல. அப்பவாவது நீ நம்புவே.”