பூட்டிய கழிப்பறையும் ஒரு வாய்த் தண்ணீரும்

என் அண்ணி பஸ் கண்டக்டர். அதே டிப்போ கேண்டீனில்தான் எனக்கும் வேலை. பெண்கள் கழிப்பறைச் சாவி டைம்கீப்பரிடம் இருக்கும். கேட்டால், "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று நாலு பேர் முன்னால் இளிப்பார். அதற்குப் பயந்தே அண்ணி பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை.

ஒரு நாள், காலில் வந்த சீழ்க்கட்டிக்கான மாத்திரையையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு, பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்தார். அன்று மாலையே நெஞ்செலும்புக்குப் பின்னால் நெருப்பாக எரிந்தது. எச்சில் விழுங்கினாலும் உயிர் போகிற மாதிரி வலித்தது.

டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இதயத்துல ஒண்ணுமில்லம்மா. தண்ணி பத்தாம மாத்திரை உணவுக்குழாய்லயே ஒட்டிக்கிச்சு. உடனே படுத்ததால இறங்கவும் இல்ல. அங்கயே கரைஞ்சு புண்ணாக்கிடுச்சு. இனிமே மாத்திரை போட்டா நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் நிறைய தண்ணி குடிங்க. அரை மணி நேரம் படுக்காதீங்க." மருந்தையும் மாற்றி எழுதினார்.

நாலு நாள் கஞ்சியோடு கிடந்து வேலைக்கு வந்த அண்ணி, நேரே டைம்கீப்பர் மேசைக்குப் போனார். அவர் எதிரிலேயே மாத்திரை போட்டு, டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவி."

"வந்ததும் வராததுமாவா?"

"ஆமா. உங்க இளிப்புக்குப் பயந்து என் நெஞ்சு வெந்தது போதும், அண்ணே. இனிமே சாவி அந்த ஆணியில தொங்கணும். இல்லன்னா வண்டி எடுக்க மாட்டோம்."

வெளியே அண்ணியின் பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். பயணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். டைம்கீப்பர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை மேசையில் எறிந்தார்.

அண்ணி அதைத் தொடவில்லை.

"ஆணியில மாட்டுங்க" என்றார்.